மின்விசிறி இரைச்சலைத் தாண்டும் மென்பொருள், இருவர் சேர்ந்து பேசினால் ஏன் தடுமாறுகிறது?

நூல்கண்டு

அனைவருக்கும் வணக்கம். காஞ்சிபுரத்தில் நெடுங்காலம் தறி நெய்த ஒரு பெரியவரையும் அவருடைய மனைவியையும் அவர்கள் வீட்டிலேயே சந்தித்து, ஏறத்தாழ 2 மணி நேரப் பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதை எழுத்தாக்குவதற்குப் பேச்சை எழுத்தாக மாற்றும் ஒரு மென்பொருளிடம் கொடுத்தேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த பகுதிகள், நான் அஞ்சிய அளவுக்கு மோசமாக வரவில்லை. ஆனால் பெரியவர் பேசும்போது அம்மா குறுக்கே பேசிய இடங்களில் வந்திருப்பது இருவருமே சொல்லாத பேச்சு.

ஒரேயொரு இடத்தைக் காட்டுகிறேன். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவைப் பற்றிப் பெரியவர் சொன்னது: "அந்தக் காலத்துல பாவு ஓடுறதுக்கே ஒரு தெரு வேணும்." அவர் "ஓடுறதுக்கே" என்று முடிக்கும் முன்பே அம்மா சேர்ந்துகொண்டு, "பத்து பேர் வேணும், இப்ப யாரு வராங்க" என்றார். மென்பொருள் எழுதியது இது: "அந்தக் காலத்துல பாபு ஓடுறதுக்கு பத்து பேர் வேணும் யாரு வராங்க."

இரைச்சலை நீக்கும் ஒரு செயலியில் ஒலிக்கோப்பைப் போட்டு எடுத்து மறுபடியும் முயன்றேன். என் காதுக்கு இப்போது மிகத் தெளிவாக இருக்கிறது. மென்பொருளுக்கோ பிழைகள் கூடிவிட்டன. மின்விசிறியைப் பொறுத்துக்கொள்கிற ஒன்று, ஒரு மனிதக் குரல் கூடுதலாக வந்தால் ஏன் இப்படித் தடுமாறுகிறது என்பதை யாராவது விளக்க முடியுமா?

கடைக்கணக்கு

எனக்கும் இதே தொல்லைதான். மாவு அரைக்கும் கடை வைத்திருக்கிறேன். இயந்திரம் ஓடும்போது கைப்பேசியில் பேசிக் கணக்கு எழுதினால் "எட்டு கிலோ" என்பது "எட்டுக் கல்லோ" என்று விழுகிறது. நான் கண்டுபிடித்த வழி, கைப்பேசியை வாயருகே பிடித்துக் கத்திப் பேசுவதுதான். நீங்களும் பெரியவரைச் சற்று உரக்கப் பேசச் சொல்லியிருக்கலாமே.

நூல்கண்டு

ஐயா, பதிவு முடிந்துவிட்டது. தவிரவும் என் கேள்வி இயந்திர இரைச்சலைப் பற்றியதன்று, இரண்டு குரல்களைப் பற்றியது.

பழைய ரேடியோ

நாற்பது ஆண்டுகள் வானொலிப் பெட்டி பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த மென்பொருள்களிடம் ஒலிகளின் அகராதி ஒன்று இருக்கிறது. 'க' எப்படி ஒலிக்கும், 'ச' எப்படி ஒலிக்கும் என்று சேமித்து வைத்திருப்பார்கள். வருகிற ஒலியை அதனோடு பொருத்திப் பார்த்து எழுத்தை எடுக்கும். ஆகவே பேச்சு இருக்கும் அதிர்வெண்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிட்டால் போதும். பழைய தொலைபேசியில் 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போனது, ஆனாலும் நமக்குப் புரியவில்லையா? அப்படி ஒரு வடிகட்டி போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

அலைமுகடு

பேச்சொலி ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். பழைய ரேடியோ ஐயா சொன்னதில் பாதி சரி. ஏறத்தாழ பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒலிக்கு ஒரு பகுதி, சொற்களின் உச்சரிப்புக்கு ஓர் அகராதி, சொற்கள் எந்த வரிசையில் வரும் என்று மதிப்பிட ஒரு பகுதி என்று தனித்தனியாகத்தான் கட்டினார்கள். இன்று பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே நரம்பு வலையமைப்பு ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்குள் 'க' இப்படித்தான் ஒலிக்கும் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. ஒலியும் அதற்கு மனிதர் எழுதிய வரியும் சேர்ந்த இணைகளைப் பல்லாயிரம் மணி நேரம் பார்த்து, எது எதனோடு வரும் என்று அது தானே கற்றுக்கொள்கிறது. அந்த இணைகளில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. அங்கே போவதற்கு முன், நூல்கண்டு காட்டிய அந்த ஒரு வரியையே எடுத்துக்கொண்டு உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

அந்த இடம் 3 நொடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு 16,000 எண்களாகப் பதிவாகி வந்தால் நம் கையில் 48,000 எண்கள் இருக்கும். மாடல் என்று அழைக்கப்படும் அந்த வலையமைப்பு இவற்றை நேராகப் படிப்பதில்லை. 25 மில்லிநொடி அகலமுள்ள ஒரு சாளரத்தை வைத்து, அதை 10 மில்லிநொடிக்கு ஒருமுறை நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வோர் இடத்திலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அதிர்வெண்களை ஏறத்தாழ 80 பட்டைகளாகப் பிரிப்பது வழக்கம். நம் காதைப் போலவே தாழ்ந்த பகுதியில் பட்டைகள் நெருக்கமாகவும் உயர்ந்த பகுதியில் அகலமாகவும் இருக்கும். ஆக 3 நொடிக்கு 300 நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் 80 கட்டம். தறியில் ஏற்றிய துணியைப் போல ஒரு படம் கிடைக்கிறது. மாடல் படிப்பது இந்தப் படத்தைத்தான்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஆற்றலை அப்படியே வைக்காமல் அதன் மடக்கையை வைப்பார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் பெரியவரின் குரலுக்கு 100 அளவு ஆற்றல், அம்மாவின் குரலுக்கு 10 அளவு என்று கொள்ளுங்கள். சேர்ந்தால் சராசரியாக 110 வரும். 100-க்கும் 110-க்கும் மடக்கையில் உள்ள வேறுபாடு அரை டெசிபெல்கூட இல்லை. அதாவது அந்தக் கட்டத்தில் அம்மா பேசியதற்கான தடயமே இராது. அடுத்த கட்டத்தில் அம்மாவின் ஆற்றல் ஓங்கியிருந்தால் பெரியவர் மறைந்துவிடுவார். எனவே இரு குரல்கள் சேரும்போது நமக்குக் கிடைப்பது இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தது போன்ற மங்கல் படம் அன்று. இரண்டு புடவைகளை வெட்டிச் சிறு துண்டுகளை மாற்றி மாற்றித் தைத்த ஒரு துணி. ஒவ்வொரு துண்டும் தெளிவாகத்தான் இருக்கும், எந்தத் துண்டு எந்தப் புடவையைச் சேர்ந்தது என்பதுதான் எங்கும் எழுதியிருக்காது.

மின்விசிறியின் நிலை வேறு. அதன் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த பட்டைகளில், முதல் நொடியிலும் கடைசி நொடியிலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். யாரும் பேசாத அரை நொடியைப் பார்த்தாலே அது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பயிற்சியின்போதும் இத்தகைய இரைச்சலை வேண்டுமென்றே கலந்து மாடலுக்குக் கொடுப்பார்கள். மாறாத ஒன்றைக் கழித்துப் பார்க்க அது கற்றுக்கொண்டுவிடுகிறது. அம்மாவின் குரலை அப்படிக் கழிக்க முடியாது, ஏனென்றால் மாடல் தேடிக்கொண்டிருப்பதே மனிதக் குரலைத்தான்.

வரிவடிவம்

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு வசன வரி எழுதுபவள் நான். விவாத நிகழ்ச்சிகளில் நால்வர் சேர்ந்து கத்தும்போது நானே "[கூச்சல்]" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். மாடல்கள் பயிலும் வரிகளையும் என்னைப் போன்றவர்கள்தாம் எழுதியிருப்பார்கள் என்றால், இருவர் பேசிய இடத்தில் ஒருவர் பேசியதை மட்டும் எழுதுவது அதற்கு நாங்கள் கற்றுக்கொடுத்த பழக்கம்தான், இல்லையா?

அலைமுகடு

ஆம், அம்மா, மிகச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். நான் சொல்ல வந்த இணைகள் அவைதான். ஒலித்துண்டு ஒன்று, அதற்கு வரி ஒன்று. எத்தனை பேர் பேசினாலும் மாடல் எழுதக்கூடியது ஒரே வரிசைதான். இரண்டு வரிசை எழுத அதற்கு இடமே வைக்கப்படவில்லை. எழுதும்போது ஒவ்வோர் அசையையும் இரண்டு சான்றுகளைக் கொண்டு தேர்கிறது: படத்தில் அந்த இடத்தில் என்ன தெரிகிறது, இதுவரை எழுதியதற்குப் பின் என்ன வருவது இயல்பு. படம் தெளிவாக இருந்தால் முதல் சான்று ஓங்கும். குழம்பினால் இரண்டாவது சான்றின் கை ஓங்கும்.

இப்போது அந்த வரியை மறுபடி பாருங்கள். "ஓடுறதுக்கே" என்பதன் இறுதியில் அம்மாவின் குரல் நுழைகிறது. ஏகாரத்தைத் தாங்கும் கட்டங்களை அவர் குரல் பிடித்துக்கொண்டதால், பின்னால் "பத்து பேர்" வருவதற்கு இயல்பான "ஓடுறதுக்கு" அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்து ஓங்கியிருந்தது அம்மாவின் குரல் என்பதால் "பத்து பேர் வேணும்" என்று அவரிடம் தாவிவிட்டது. பெரியவருடைய "ஒரு தெரு வேணும்" முழுதாகப் போய்விட்டது. இருவருமே "வேணும்" என்று முடித்ததால் தாவியதற்கு ஒட்டுப்போட்ட தடம்கூடத் தெரியவில்லை. தப்பாக வந்த வரி இலக்கணப்படி சரியாக இருப்பதுதான் இங்கே ஆபத்து. உளறியிருந்தால் நீங்கள் ஒரு பார்வையில் பிடித்திருப்பீர்கள்.

பழைய ரேடியோ

அகராதி விஷயத்தில் நான் சொன்னது பழையது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடிகட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? மின்விசிறி தாழ்ந்த பட்டையில்தான் இருக்கிறது என்றால் அதை வெட்டுவதில் என்ன குறை?

அலைமுகடு

வெட்டலாம், ஐயா, பயன் சிறிதே. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவதால் கெடுதல் இல்லை. 300 வரை வெட்டினால், குரல்நாண் அதிர்கிறதா இல்லையா என்பதைக் காட்டும் தாழ்ந்த முழக்கம் குறைந்துபோகும். மேலே 3,400-இல் வெட்டினால் 'ஸ' போன்ற சீற்றொலிகளின் பெரும்பகுதி போய்விடும். நமக்குத் தொலைபேசியில் புரிவதற்குக் காரணம், பேசுபவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று நாம் அறிந்திருப்பதுதான். புதியவரின் ஊர்ப்பெயரை எழுதிக்கொள்ளும்போது எத்தனை முறை "மறுபடி சொல்லுங்கள்" என்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இரைச்சல் நீக்கும் செயலி பிழையைக் கூட்டியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அத்தகைய செயலி, இரைச்சல் என்று தான் கருதுவதைக் கட்டம் கட்டமாகக் குறைக்கிறது. குறைக்கும்போது மெலிந்த மெய்யொலிகளும் சொல்லின் இறுதியும் சேர்ந்து அடிபடும். நடுவில் கட்டங்கள் வெறுமையாகவும் அங்கங்கே மின்மினிபோல மினுங்கிக்கொண்டும் நிற்கும். நம் காதுக்கு இது அமைதி. மாடலுக்கோ இப்படிப்பட்ட ஓட்டை விழுந்த படங்களைப் பார்த்த பழக்கமே இல்லை. மின்விசிறி ஓடும் படங்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறது.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. "பாடு" என்பதற்கும் "பாட்டு" என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு, நாக்கு அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தச் சிறு மௌனத்தின் நீளம்தான். இரைச்சலும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் முதலில் நிரப்புவது இந்த மௌனத்தை. பக்கத்து வீட்டுத் தறியின் அடி உங்கள் பதிவில் விழுந்திருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: அந்தத் 'தட்' என்ற அடி எல்லாப் பட்டைகளிலும் ஒரு கணம் வெடிப்பதால், வல்லினம் வெடிப்பதைப் போலவே படத்தில் தெரியும்.

நூல்கண்டு

விழுந்திருக்கிறது. யாரும் பேசாத இடங்களில்கூட, தறியடி கேட்கும்போது, "பார்த்தமைக்கு நன்றி" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறது. யார் அதைச் சொன்னார்கள் என்று பதிவை மூன்று முறை திருப்பிக் கேட்டேன்.

வரிவடிவம்

அதுவும் எங்கள் கைவரிசைதான். இணையக் காணொளிகளின் இறுதியில், பேச்சு நின்று இசை ஓடும் இடத்தில் அப்படி ஒரு வரி போடுவது வழக்கம். பேச்சில்லாத ஒலி வந்தால் இதை எழுத வேண்டும் என்று மாடல் எடுத்துக்கொண்டிருக்கும்.

ஒற்றைக்காது

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். சிறுவயது முதல் எனக்கு இடது காது கேட்காது. வீட்டில் ஒருவரோடு பேசுவதில் எந்தக் குறையும் இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் மட்டும் எதிரில் இருப்பவர் பேசுவது புரியாது, தலையாட்டிக்கொண்டிருப்பேன். நாதஸ்வரம் வாசிக்கும்போதுகூட ஓரளவு சமாளித்துவிடுகிறேன், பக்கத்தில் நால்வர் ஊர்க்கதை பேசினால்தான் முடிவதில்லை. அலைமுகடு எழுதியதைப் படித்தபோது என் கதையை எழுதியது போலவே இருந்தது. இரண்டு காது உள்ளவர்களுக்கு இது எப்படி முடிகிறது?

அலைமுகடு

நீங்கள் சொன்னதை 1953-இல் காலின் செரி என்பவர் சோதித்திருக்கிறார். ஒரே ஆள் படித்த இரண்டு செய்திகளைக் கலந்து இரு காதுகளிலும் ஒன்றாகக் கொடுத்தபோது, கேட்டவர்கள் பலமுறை திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு காதில் ஒன்று, மறு காதில் மற்றொன்று என்று கொடுத்தபோது எளிதில் பிரித்துவிட்டார்கள். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது, துண்டுகளைப் பிரித்து அடுக்க மூளைக்குக் கிடைக்கும் நூல். ஒற்றை மைக்கில் பதிந்த ஒலியில் அந்த நூல் அறுந்துவிடுகிறது.

மென்பொருளுக்கும் இது எளிதன்று. உண்மையான வீடுகளில் நால்வர் கூடி உண்டு பேசிய விருந்துகளைத் தொலைவிலிருந்த மைக்குகளில் பதிந்து, 2018-இல் சைம்-5 என்ற போட்டியை நடத்தினார்கள். ஆங்கிலப் பேச்சுதான். அமைப்பாளர்கள் தொடக்கமாகக் கொடுத்த மென்பொருளுக்கே சொற்பிழை சுமார் 80 விழுக்காடு வந்தது. ஒரே ஆள் மைக் அருகே படிக்கும் பதிவுகளில் பிழை ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்ட காலம் அது.

வரிவடிவம்

அந்த விழுக்காட்டின்மேல் எனக்கு எப்போதும் ஐயம் உண்டு. மாறிய சொல், விட்ட சொல், கூடுதலாக வந்த சொல் மூன்றையும் கூட்டி, சரியான வரியின் சொல் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். நூல்கண்டின் வரியையே எடுங்கள். இருவர் பேச்சையும் அடுத்தடுத்து வைத்தால் 13 சொற்கள். இரண்டு மாறியிருக்கின்றன, நான்கு விட்டுப்போயிருக்கின்றன. 13-க்கு 6, அதாவது 46 விழுக்காடு. பெரியவர் பேசியது மட்டும்தான் வேண்டும் என்று எடுத்தால் 7 சொற்களில் நான்கு மாறி, இரண்டு கூடுதலாக வந்துள்ளன. 7-க்கு 6, 86 விழுக்காடு. மென்பொருள் எழுதியது ஒரே வரி, மதிப்பெண் இரண்டு. தமிழில் "வந்துகொண்டிருந்தான்" என்று சேர்த்து எழுதியதை "வந்து கொண்டிருந்தான்" என்று பிரித்தாலே இரண்டு பிழை விழும்.

அலைமுகடு

எழுத்தளவில் எண்ணினால் பிரித்தெழுதும் சிக்கல் குறையும், அம்மா.

வரிவடிவம்

குறையலாம். ஆனால் "பாவு" "பாபு" ஆனதை எழுத்தளவில் எண்ணினால் ஒரே எழுத்துப் பிழை. நெசவைப் பற்றிய பேட்டியில் அந்தச் சொல்லே போய்விட்டால் வரியே போயிற்று. எந்த எண்ணும் இதைச் சொல்லாது என்பது என் கருத்து.

கடைக்கணக்கு

நான் முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன்: வாயருகே பிடித்தால் எனக்குச் சரியாக வருகிறதே, அது ஏன்?

அலைமுகடு

அதில் நீங்கள் செய்தது முழுக்கச் சரி. தொலைவு பாதியானால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். 2 மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் 12 டெசிபெல், அதாவது ஆற்றலில் 16 மடங்கு. அரவை இயந்திரம் இருந்த இடத்திலேயே இருக்கும். கத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். கத்தும்போது உயிரொலிகள் நீண்டு உருமாறிவிடுகின்றன.

நூல்கண்டு, ஒன்றைச் சொல்லுங்கள். எதில் பதிந்தீர்கள்? மூலக்கோப்பில் ஒரு தடம்தானா, இரண்டா?

நூல்கண்டு

இரண்டு மைக் உள்ள ஒரு சிறிய பதிவுக் கருவியில் பதிந்தேன், அது மேசை நடுவில் இருந்தது. பெரியவர் இடப்புறம், அம்மா வலப்புறம். மென்பொருளுக்குக் கொடுத்தது வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட கோப்பு. மூலக்கோப்பு இன்னும் கருவியில் இருக்கிறது.

அலைமுகடு

அப்படியானால் மூலக்கோப்பை எடுங்கள். பல மென்பொருள்கள் இரண்டு தடங்களையும் கூட்டி ஒன்றாக்கிவிட்டுத்தான் படிக்கத் தொடங்குகின்றன. உங்களிடமிருந்த திசை அங்கேயே தொலைந்துவிடும். தடங்களைப் பிரித்துத் தனித்தனியே கொடுத்துப் பாருங்கள்.

```
ffmpeg -i petti.wav -af "pan=mono|c0=c0" -ar 16000 idam.wav
ffmpeg -i petti.wav -af "pan=mono|c0=c1" -ar 16000 valam.wav
```

மைக்குகள் மிக அருகருகே இருப்பதால் முழுதாகப் பிரியாது. ஒரு தடத்தில் ஒருவர் சில டெசிபெல் ஓங்கினாலும், பெரும்பாலான கட்டங்களில் வெல்பவர் அவராகிவிடுவார். அதற்காகத்தான் இது. செயலியில் தூய்மை செய்த கோப்பைத் தொடவே வேண்டாம்.

நூல்கண்டு

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். இடப்பக்கத் தடத்தில் வந்தது: "அந்தக் காலத்துல பாபு ஓடுறதுக்கே ஒரு தெரு வேணும்." பெரியவரின் ஏகாரமும் தெருவும் திரும்பிவிட்டன. வலப்பக்கத்தில்: "பத்து பேர் வேணும் யாரு வராங்க." முன்னால் பெரியவர் தனியாகப் பேசிய சொற்கள் சிதைந்து இதிலும் வந்துள்ளன, அவற்றை நானே நீக்கினேன். "இப்ப" இன்னும் காணவில்லை. பாபுவும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்.

அலைமுகடு

பாபு ஓடுவதற்குக் காரணம் குரல் மோதல் அன்று. அந்தச் சொல்லின்போது அம்மா பேசவே இல்லை. சொல்லின் முதலில் குரல்நாண் அதிர்கிறதா என்பதை மின்விசிறி மறைக்கிறது, 'வ' ஒலியும் மெலிந்தது, மாடல் பார்த்த வரிகளில் "பாபு" ஏராளம், "பாவு" அரிது. சில மென்பொருள்களில் முன்கூட்டியே சொற்பட்டியல் கொடுக்க இடம் உண்டு. பாவு, ஊடை, நாடா, அச்சு என்று கொடுத்துப் பாருங்கள்.

வரிவடிவம்

கொடுத்தால், உண்மையிலேயே பாபு என்று ஒருவர் பேச்சில் வரும்போது அவர் பாவாகிவிடுவார். நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

நூல்கண்டு

பெரியவரின் மூத்த மகன் பெயர் பாபு.